மெனு கார்டுக்கு எந்தப் படம்? உணவுப் படங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிபன் ஓட்டல் மெனு கார்டுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்களுக்காக எழுதப்பட்டது. பெரும்பாலான விளக்கங்கள் மசாலா தோசையை வைத்தே சொல்லப்பட்டுள்ளன. மொறுமொறுப்பு, நெய் மினுமினுப்பு, வெள்ளைச் சட்னி, குழம்பான சாம்பார் என்று படத்தில் தவறக்கூடிய எல்லாமே அந்த ஒரு தட்டில் இருக்கின்றன.

ஒரே மசாலா தோசைக்கு நாற்பது படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார் போட்டோகிராபர். எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கழிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். நல்லதைத் தேடிக்கொண்டு போனால் நாற்பதும் நன்றாகத்தான் தெரியும். ஒவ்வொரு படத்தையும் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கூர்மை எங்கே விழுந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தோசைச் சுருளின் வாய்ப்பக்கமும், அங்கே எட்டிப் பார்க்கும் உருளைக்கிழங்கு மசாலாவும் கூர்மையாக இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் சாம்பார்க் கிண்ணம் கூர்மையாகவும் தோசை மங்கலாகவும் இருந்தால் அந்தப் படம் வேண்டாம். அதை எந்த எடிட்டிங்காலும் சரிசெய்ய முடியாது.

அடுத்து, மிஞ்சியவற்றை எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். ஃபைல் விவரத்தில் நேரம் நிமிடக்கணக்கில் இருக்கும். கல்லிலிருந்து இறங்கிய தோசை சில நிமிடங்கள்தான் விறைப்பாக நிற்கும். உள்ளே வைத்த சூடான மசாலாவின் ஆவியே அதை நமுத்துப்போக வைக்கிறது. நமுத்ததற்கு அடையாளம் சுருளின் வாயில் தெரியும். உருண்டையாக இருந்த வாய் அமுங்கி, தட்டையாகிவிடும். மேல்பக்கம் நடுவில் லேசாகக் குழி விழும். நெய் உள்ளே இறங்கிவிடுவதால் பளபளப்பு போய், பரப்பு காய்ந்ததுபோலத் தெரியும். சட்னியின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து வளையம் கட்டியிருந்தாலும், சாம்பார் மேல் ஏடு படிந்திருந்தாலும் அந்தத் தட்டு வெகுநேரம் காத்திருந்தது என்று பொருள். ஆகவே வரிசையின் முன்பாதியில்தான் உங்கள் படம் இருக்க வாய்ப்பு அதிகம். போட்டோகிராபர் லைட்டைச் சரிசெய்யப் பயன்படுத்திய தோசையும் படத்துக்கான தோசையும் ஒன்றாகவே இருந்திருந்தால், லைட் சரியாக அமைந்த நேரத்தில் தோசை போயிருக்கும். அப்போது தேர்வு செய்யப் போராடுவதைவிட, இன்னொரு தோசை வார்த்து எடுப்பது மேல்.

இந்த இரண்டு சல்லடையிலும் தேறுவது பெரும்பாலும் ஆறு, எட்டுப் படங்கள்தான். உண்மையான ஒப்பீடு அவற்றுக்குள் நடக்க வேண்டும்.

லைட்டிங், பிளேட்டிங், கலர், பார்த்ததும் பசி வருவது. இதில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

பசியை முதலில் பாருங்கள், காரணங்களைப் பிறகு தேடலாம். ஒரு படத்தைப் பத்து நிமிடம் ஆராய்ந்த கண்ணுக்கு அது முதல்முறை எப்படித் தெரிந்தது என்பது திரும்பக் கிடைக்காது. வாடிக்கையாளரோ மெனுவில் ஒரு படத்தின் மேல் ஓரிரு விநாடிக்கு மேல் நிற்பதில்லை. அதனால் இரண்டிரண்டு படங்களாக, மெனுவில் வரப்போகும் அதே அளவில் வைத்து, இரண்டு விநாடி பார்த்துவிட்டு எதைச் சாப்பிடத் தோன்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று எழுத வேண்டாம். பிறகு இடம் வலம் மாற்றி இன்னொருமுறை பாருங்கள். முதலில் கண்ணில் படும் பக்கத்துக்குச் சாய்வு இருப்பதால், மாற்றியபின்னும் வெல்கிற படமே உண்மையாக வென்றது.

அதற்குப் பிறகு லைட்டிங், பிளேட்டிங், கலர் என்ற வரிசையில் ஆராயுங்கள். வெளிச்சம் வந்த திசையைப் படம் எடுத்தபின் மாற்றவே முடியாது. தட்டில் கிடக்கும் துணுக்கைத் துடைக்கலாம், ஆனால் தோசையைத் திருப்பி வைக்க முடியாது. நிறத்தை ஓரளவு திருத்தலாம். எது திருத்த முடியாததோ அதற்கே முதல் மதிப்பு.

பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நிறத்துக்கு ஒன்பது வாங்கிய படம், தோசை நமுத்திருப்பதை அந்தக் கூட்டலில் மறைத்துவிடும். ஜோடி ஜோடியாகப் பார்ப்பதில் அப்படி மறைய வழியில்லை.

லைட்டிங் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். போனிலேயே செய்யலாம். நிறம் போனபின்னும் தோசையின் உருளை வடிவமும், மாவைத் தேய்த்த வட்ட வட்ட வரிகளும் தெரிகிறதா? தெரிந்தால் வெளிச்சம் தன் வேலையைச் செய்திருக்கிறது. எல்லாம் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிந்தால், அந்தப் படத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது நிறம் மட்டுமே.

அடுத்தது திசை. தட்டைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, கேமரா 6 மணிப் பக்கம் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வெளிச்சம் 10 மணியிலிருந்தோ 2 மணியிலிருந்தோ, அதாவது பின்பக்கம் ஓரமாக வந்திருந்தால் உணவு உயிரோடு தெரியும். இதற்குக் காரணம் உண்டு. பின்னாலிருந்து சாய்ந்து வரும் ஒளி நெய்யிலும் சாம்பாரிலும் பட்டு கேமராவை நோக்கித் தெறிக்கிறது. அந்தத் தெறிப்பைத்தான் நம் கண் ஈரம், சூடு, புதுசு என்று படித்துக்கொள்கிறது. அதே ஒளி தோசையின் பரப்பை உரசிக்கொண்டு போவதால் ஒவ்வொரு வரியும் சின்ன நிழல் விடும். அந்த நிழல்தான் மொறுமொறுப்பு. கேமராவின் பக்கத்திலிருந்து வரும் ஃபிளாஷில் இந்த இரண்டுமே இல்லை. நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, பரப்பு தட்டையாகிறது, சாம்பார் சேறுபோல நிற்கிறது.

நிழலின் விளிம்பையும் கவனியுங்கள். சட்னிக் கிண்ணத்தின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் வெளிச்சம் கடுமையானது. வெயில் நேராக விழுந்திருக்கும், அல்லது சின்ன பல்பு ஒன்றில் எடுத்திருப்பார்கள். மெல்ல மெல்லக் கரையும் நிழலாக இருந்தால் பெரிய ஜன்னலோ, வெள்ளைத் துணி வழியாக வந்த வெளிச்சமோ இருந்திருக்கும். டிபன் வகைகளுக்கு இந்த இரண்டாவதுதான் நன்றாக இருக்கும். கடும் வெளிச்சத்தில் இட்லியின் ஒரு பக்கம் விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும், நெய் வெள்ளைப் பொட்டாக எரியும்.

பின்வெளிச்சத்தில் எடுத்த படங்களில் வழக்கமாக வரும் குறை, முன்பக்கம் இருட்டாவது. மசாலா தெரிய வேண்டிய வாய்ப்பக்கமே நிழலில் போய்விடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை தெர்மாகோல் தட்டையைச் சாய்த்து வைத்திருந்தால் இது வந்திருக்காது. ஆகவே ஒப்பிடும்போது வாயின் உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே மஞ்சள் நிற மசாலாவில் வெங்காயமும் கடுகும் தனித்தனியாகத் தெரிந்தால் அந்தப் படம் முன்னேறுகிறது.

கடைசியாக, எவர்சில்வர். டபரா, டம்ளர், தட்டு எல்லாம் அறையையே காட்டிக்கொடுக்கும். போட்டோகிராபரின் சிவப்புச் சட்டை டம்ளரில் ஒரு கோடாகத் தெரிவதையும், மேலே எரியும் டியூப் லைட் தட்டு விளிம்பில் வெள்ளைக் கம்பியாக ஓடுவதையும் சின்ன அளவில் கவனிக்கத் தவறுவோம். பெரிதாக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஓட்டலில் ஜன்னல் இல்லை. டியூப் லைட்டில் எடுத்த படத்தைப் பயன்படுத்தவே கூடாதா?

ஒரே வகை விளக்கு மட்டும் எரிந்திருந்தால் பயன்படுத்தலாம். சிக்கல் வருவது கலப்பில். கூரையில் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி., சுவரில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு, வாசல் வழியாகப் பகல் வெளிச்சம் என்று மூன்றும் சேர்ந்தால் தோசையின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்தும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் இருக்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸைச் சட்னிக்குச் சரிசெய்தால் தோசை கெடும், தோசைக்குச் சரிசெய்தால் சட்னி கெடும். தட்டின் இரண்டு ஓரங்களிலும் வெள்ளைப் பீங்கான் ஒரே வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். மறுபடி எடுக்கும்போது சுவர் விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்தால் போதும்.

பிளேட்டிங்கில் எதையெல்லாம் ஒப்பிட வேண்டும்? எங்களுக்கு எல்லாத் தட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

தட்டில் எது நாயகன் என்பது இரண்டு விநாடியில் தெரிகிறதா, அதுதான் முதல் கேள்வி. மசாலா தோசைப் படத்தில் தோசையின் வாய்தான் நாயகன். அது கேமராவைப் பார்த்து, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். சுருள் கேமராவுக்கு நேர் குறுக்காகக் கிடந்தால் அது வெறும் பழுப்புக் குழாய். சாதா தோசையா, மசாலா தோசையா என்றே தெரியாது. மெனுவில் இரண்டுக்கும் விலை வேறு. படம் பார்த்து ஆர்டர் செய்கிறவருக்கு அந்த வேறுபாடு படத்திலேயே தெரிய வேண்டும்.

கேமராவின் கோணமும் பிளேட்டிங்கின் பகுதிதான். தோசைக்கு, உட்கார்ந்து சாப்பிடுகிறவர் பார்க்கும் சுமார் 45 டிகிரி கோணம் பொருந்தும். இலைச் சாப்பாட்டை நேர் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் பின்வரிசைப் பொரியலும் கூட்டும் சாதத்துக்குப் பின்னால் மறையும். அடுக்கி வைத்த பரோட்டாவுக்கு இன்னும் தாழ்ந்த கோணம் வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஏடுகள் தெரியாது. போனை மிக அருகில் கொண்டுபோய் எடுத்த படங்களில் முன்விளிம்பு ஊதிப்போய் தட்டு நீள்வட்டமாக வளைந்திருக்கும். அப்படிப்பட்டவற்றையும், கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். தள்ளி எடுத்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணங்களில் இரண்டு விஷயம். முதலாவது, நிரப்பு. விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே வரை சாம்பார் இருந்தால் தாராளமாகத் தெரியும். பாதிக் கிண்ணம் இருந்தால் கஞ்சத்தனமாகத் தெரியும். தொட்டுத் தொட்டுச் சரிசெய்ததில் உட்சுவரில் பழைய மட்டத்தின் கறை இருந்தால் யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்ததுபோல இருக்கும். இரண்டாவது, காய். சாம்பாரில் முருங்கையும் கத்தரியும் மூழ்கிப்போய் மேலே வெறும் மஞ்சள் தண்ணீர் நின்றால் கண் அங்கே நிற்காது. உங்கள் சாம்பாரில் வழக்கமாக விழும் காயில் ஓரிரு துண்டு மேலே தெரியும்படி மொண்ட கிண்ணம் எந்தப் படத்தில் இருக்கிறதோ அது மேல்.

தட்டு தோசையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்து, இரண்டு முனையும் வெளியே நீண்டால் பார்க்க நன்றாகவே இருக்கும். பெரிய தட்டில் நடுவே கிடக்கும் தோசை சின்னதாகத் தெரியும். கொத்தமல்லித் தழையை எல்லாவற்றின் மேலும் தூவுவதை விட்டுவிடுங்கள். தோசை மேல் யாரும் கொத்தமல்லி தூவிப் பரிமாறுவதில்லை. நம் ஊர்க்காரர் கண்ணுக்கு அது உடனே போலியாகப் படும்.

வாழையிலை போட்டு எடுத்த படத்தில் இட்லி லேசாகப் பச்சையாக இருக்கிறதே, கேமரா கோளாறா?

கேமராவில் கோளாறில்லை. வெளிச்சம் இலையில் பட்டுப் பச்சையாகித் திரும்பி, இட்லியின் அடிப்பக்கத்தில் விழுகிறது. சாதத்திலும் தேங்காய்ச் சட்னியிலும் இதே தொல்லை வரும். வெள்ளை உணவு மேல் விழும் பச்சையும் நீலமும் கெட்டுப்போன நினைவைத் தருவதால், பசியைக் கெடுப்பதில் இவை இரண்டும் முதலிடம். மஞ்சள் சாய்வு அவ்வளவு மோசமில்லை, ஆனால் கூடிப்போனால் இட்லி பழசாகத் தெரியும்.

படம் முழுவதையும் சிவப்புப் பக்கம் தள்ளிச் சரிசெய்ய முயன்றால் இலை காய்ந்ததுபோல ஆகிவிடும். இட்லியின் கீழ்ப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கே பச்சையின் அளவைக் குறைப்பதே முறை. ஒப்பிடும்போது, இலை தட்டளவுக்கு வெட்டப்பட்டிருக்கும் படங்களையும், இட்லிக்குப் பக்கத்தில் வெள்ளை தெர்மாகோல் நின்ற படங்களையும் முதலில் பாருங்கள். அவற்றில் பச்சை குறைவாக இருக்கும்.

தோசையின் நிறத்துக்கு வேறொரு சோதனை. நல்ல தோசையில் வைக்கோல் நிறம், பொன்னிறம், அடர்பழுப்பு என மூன்று படிகளாவது இருக்கும். நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனைக் கூட்டினால் இந்த மூன்றும் ஒரே ஆரஞ்சாக ஒட்டிக்கொள்ளும். முதல் பார்வைக்குக் கவர்ச்சியாக இருப்பதால் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காரச் சட்னியைப் பாருங்கள். அரைத்த மிளகாயின் துகளும் தாளித்த எண்ணெயும் தெரிகிறதா, அல்லது பெயின்ட் ஊற்றியதுபோல ஒரே சிவப்பா? ஒரே சிவப்பென்றால் அளவு மீறிவிட்டது.

ஒரு உதாரணத்தை முழுதாகச் சொல்ல முடியுமா? நான்கு படம் இருந்தால் எப்படி முடிவுக்கு வருவது?

மசாலா தோசையின் நான்கு படங்களை எடுத்துக்கொள்வோம். மெனுவில் படத்தின் அகலம் 6 சென்டிமீட்டர், மேட் லேமினேஷன் போட்ட தாள்.

முதல் படம் போன் ஃபிளாஷில் எடுத்தது. எல்லாம் வெளிச்சமாக, எல்லாம் தெரிகிறது. இரண்டாவது, ஜன்னலை 10 மணித் திசையில் வைத்து எடுத்தது, எதிர்ப்பக்கம் எதுவும் வைக்கவில்லை. மூன்றாவது, அதே ஜன்னல், 4 மணித் திசையில் தெர்மாகோல். நான்காவது, மூன்றாவதன் அதே அமைப்பில் பன்னிரண்டு நிமிடம் கழித்து, மேலே இன்னும் நெய் தடவி, பிறகு சாச்சுரேஷனையும் கூட்டியது.

இரண்டு விநாடிப் பார்வையில், போன் திரையில், நான்காவதுதான் வெல்லும். பளபளப்பும் ஆரஞ்சு நிறமும் கண்ணை இழுக்கும். மூன்றாவது அதற்கு அடுத்து நிற்கும், மற்ற இரண்டும் பின்தங்கும். முடிவை இங்கேயே எடுத்துவிடக் கூடாது.

கருப்பு வெள்ளையில் பார்த்தால் முதல் படத்தில் தோசையும் மேசையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடுகின்றன. அது விழுந்தது. இரண்டாவதில் தோசையின் மேல்வரிகள் நான்கிலும் மிக அழகாக இருக்கின்றன, ஆனால் வாய் ஒரு கருப்பு ஓட்டை. எடிட்டிங்கில் நிழலை வெளிச்சமாக்கினால் மசாலா வெளிவருகிறது, கூடவே சாம்பல் பூத்தது போன்ற மங்கலும் புள்ளிகளும் வருகின்றன. 6 சென்டிமீட்டரில் புள்ளி தெரியாது, மங்கல் தெரியும். இது மாற்றுப் படமாக இருக்கட்டும்.

மிச்சம் மூன்றும் நான்கும். வெளிச்சம் ஒன்றே. தோசையின் வாயைப் பாருங்கள். மூன்றில் உருண்டையாக நிற்கிறது, நான்கில் மேலுதடு கீழே தொங்குகிறது. கூடுதலாகத் தடவிய நெய் வரிகளை நிரப்பிவிட்டதால் பரப்பு மினுங்குகிறது, ஆனால் மொறுமொறுப்பு தெரியவில்லை. சட்னியைச் சுற்றித் தண்ணீர் வளையம். சாச்சுரேஷனைப் பழையபடி குறைத்துவிட்டுப் பார்த்தால் நான்காவதை வெல்ல வைத்தது என்ன என்பது தெரியும். நிறத்தை எடுத்துவிட்டால் அது மூன்றாவதுக்குப் பின்னால் போய்விடுகிறது.

இறுதியாக இரண்டையும் அதே தாளில் 6 சென்டிமீட்டரில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். நான்காவதின் ஆரஞ்சு அச்சில் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும், மூன்றாவதின் பொன்னிறம் பெரும்பாலும் நிற்கும். மூன்றாவதை எடுத்து, வெளிச்சத்தைச் சற்றே கூட்டி அச்சுக்கு அனுப்பலாம்.

போனில் பளிச்சென்று இருந்த படம் மெனு கார்டில் ஏன் மங்கிவிடுகிறது?

திரை தானே ஒளிவிடுகிறது. தாள், தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்புகிறது. அதோடு அச்சின் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு CMYK மைகளால் திரையில் தெரியும் அடர் ஆரஞ்சையும், இலையின் பளிச்சென்ற பச்சையையும், கேசரியின் நிறத்தையும் அப்படியே கொண்டுவர முடியாது. மேட் லேமினேஷன் கருப்பை வெளுக்கவைத்து மாறுபாட்டைக் குறைக்கும். பூச்சில்லாத தாளில் மை பரவி நிழல்கள் அடைத்துக்கொள்ளும். பளபளக்கும் கிளாஸி லேமினேஷனில் நிறம் நிற்கும், ஆனால் மேலே விளக்கு இருந்தால் கார்டு கண்ணைக் கூசவைக்கும்.

ஆகவே கடைசி இரண்டு படங்களுக்குள் முடிவெடுப்பது தாளில்தான் நடக்க வேண்டும். அச்சகத்தில் அதே தாளில் மாதிரிப் பிரதி கேளுங்கள். அதைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், உங்கள் ஓட்டல் மேசையில் இரவு விளக்கில் ஒருமுறையும் பாருங்கள். மஞ்சள் விளக்கு மங்கலாக எரியும் ஓட்டல் என்றால், இருண்ட பின்னணி கொண்ட படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கார்டில் கருந்திட்டாகத்தான் கிடக்கும்.

அளவைப் பொறுத்தவரை அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ அச்சுக்கு 6 சென்டிமீட்டர் அகலம் என்றால் சுமார் 710 பிக்சல் போதும். எந்தப் போன் படத்திலும் இது இருக்கும். கெடுப்பது வாட்ஸ்அப். அதில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டு வருவதால் தோசை வரிகள் குழைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் சுருங்கிய படத்தையும் முழுப் படத்தையும் ஒப்பிட்டு, நல்ல படத்தை வீணாகக் கழித்துவிடுவீர்கள். டெலிவரி ஆப்புக்குத் தனியாக, திரைக்கான நிற அமைப்பான sRGB-இல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே படம் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கும் என்பதால் சட்னிக் கிண்ணங்களை வெட்டிவிட்டு வாய்ப்பக்கத்தை மட்டும் பெரிதாக வைக்கலாம்.

பிரியாணிக்கும் இதே முறைதானா?

முறை ஒன்றே, பார்க்கும் இடம் வேறு. பிரியாணியில் சாதம் பருக்கை பருக்கையாகப் பிரிந்து தெரிய வேண்டும். பருக்கைகளுக்கு இடையே சின்ன நிழல் விழுந்தால்தான் பிரிவு தெரியும், அதனால் பக்கவாட்டு வெளிச்சம் இங்கே இன்னும் முக்கியம். சீரகச் சம்பாவின் அரிசி சிறியது என்பதால் ஃபிளாஷில் அது உப்புமாவாகவே மாறிவிடும். கறித்துண்டு பாதி மறைந்து பாதி தெரிவது நல்லது, ஆனால் தெரியும் பாதியில் வெளிச்சம் விழ வேண்டும். அடர்பழுப்புக் கறி நிழலில் போனால் என்னவென்றே தெரியாது. நேர் பின்வெளிச்சம் அளவு மீறினால் எண்ணெய் மிதப்பதுபோல இருக்கும்.

வேகவைத்த முட்டை பக்கத்தில் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்திலேயே அதிக வெள்ளை அதுதான். வெள்ளைக்கருவின் வளைவு தெரியாமல் வெறும் காகித வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது, அதை மீட்கவும் முடியாது. திண்டுக்கல் பாணிப் பிரியாணி பழுப்பாகத்தான் இருக்கும். அதை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாற்றிய படத்தை, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், எடுக்காதீர்கள்.

பரிமாறுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக வைத்துப் படம் எடுத்தால் தப்பா? எல்லாரும் செய்வதுதானே?

தப்புதான். இரண்டு துண்டு கறி தருகிற பிரியாணியில் ஐந்து துண்டு வைத்த படம், கவுன்டரில் சண்டையாக வந்து நிற்கும். சட்டமும் இதைப் பார்க்கிறது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் அளவையோ தரத்தையோ பற்றித் தவறான எண்ணத்தைத் தரக்கூடிய விளம்பரம், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற வரையறைக்குள் வருகிறது.

எல்லை எங்கே என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று உதவும். அமெரிக்காவின் கேம்பெல் சூப் நிறுவனம் விளம்பரப் படத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்கள் மேலே நிற்கும்படி செய்தது. சூப்பில் உண்மையில் இருப்பதைவிட அதிகக் காய் இருப்பதாகத் தோன்றும் என்று அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது, 1970-இல் அது ஆணையாக முடிந்தது. சாம்பார்க் கிண்ணத்துக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கிண்ணத்தில் விழும் காயை மேலே தெரியும்படி வைப்பது அலங்காரம். அடியில் எதையாவது வைத்து, கிண்ணம் நிறையக் காய் என்று காட்டுவது ஏமாற்று. தேர்வின் கடைசிக் கட்டத்தில் மாஸ்டரைக் கூப்பிட்டு, இந்தப் படத்தில் இருப்பதை நாளைக் காலை பத்து மணிக் கூட்டத்திலும் இப்படியே தர முடியுமா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தப் படம் வேண்டாம்.

கருத்துக் கேட்பது யாரிடம்? எங்கள் ஊழியர்களுக்குள் ஒத்துப்போகவே இல்லை.

ஊழியர்களுக்கு அந்தத் தோசையின் ருசி தெரியும். படத்தைப் பார்க்கும்போதே ருசியையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். உங்கள் ஓட்டலில் சாப்பிட்டிராத சிலரிடம், அவர்கள் சாப்பிடப் போவதற்கு முன் காட்டுங்கள். வயிறு நிறைந்தவர் எல்லாப் படத்தையும் ஒரே மாதிரிதான் பார்ப்பார்.

பெயரைச் சொல்லாமல், இது என்ன ஐட்டம் என்று முதலில் கேளுங்கள். ரவா தோசையை ஊத்தப்பம் என்றோ, பொங்கலைக் கிச்சடி என்றோ சொன்னால் அந்தப் படம் மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் மெனுவுக்கு உதவாது. அடுத்து இரண்டு படத்தைக் காட்டி எதை ஆர்டர் செய்வீர்கள் என்று கேளுங்கள். எது அழகு என்று கேட்காதீர்கள். அழகு என்று கேட்டால் பின்னணியையும் பித்தளைச் சொம்பையும் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

ஒவ்வொரு படமும் தனியாக நன்றாக இருக்கிறது, ஒரே பக்கத்தில் வைத்தால் ஒட்டவில்லை. ஏன்?

பெரும்பாலும் வெளிச்சத்தின் திசைதான் காரணம். ஒரு படத்தில் நிழல் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் விழுந்தால், காரணம் தெரியாவிட்டாலும் கண் உறுத்தும். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுச் சரிசெய்யலாம். அப்படிச் செய்யும்போது டம்ளரில் பொறித்த ஓட்டல் பெயரும் எழுத்துகளும் இடம் வலம் மாறித் திரும்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இலையில் பரிமாறிய சாப்பாட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்பாதீர்கள். இலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

இரண்டாவது காரணம் அளவு. பக்கம் முழுவதையும் அதே அளவில் ஒரு தாளில் ஒட்டிப் பாருங்கள். ஒற்றை வடையும் முழு நெய் ரோஸ்ட்டும் ஒரே உயரத்தில் தெரிந்தால், வடைப் படத்தைக் கொஞ்சம் தள்ளி எடுத்த இன்னொன்றால் மாற்றுங்கள். தனியாகப் பார்க்கும்போது இரண்டாமிடம் வந்த படம்கூட அந்தப் பக்கத்தில் சரியாகப் பொருந்தலாம். அதனால் சல்லடையில் தேறிய ஆறு, எட்டுப் படங்களையும், கார்டு அச்சாகிக் கைக்கு வரும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.